நாள் தள்ளிப்போயும் டெஸ்ட்டில் ஒரே கோடு ஏன்?

கேள்வி: எனக்கு வயது 29. பீரியட்ஸ் எப்போதும் 28 நாளுக்கு ஒருமுறை வந்துவிடும். இந்த முறை இன்றோடு 37 நாள் ஆகிவிட்டது. 31ஆம் நாளும் 34ஆம் நாளும் வீட்டிலேயே டெஸ்ட் செய்தேன், இரண்டிலும் ஒரே கோடுதான். 9ஆம் நாளிலிருந்து ஒரு வாரம் கடுமையான காய்ச்சலில் படுத்திருந்தேன். அது விட்ட பிறகு சில முறை பாதுகாப்பில்லாமல் சேர்ந்தோம், கடைசியாக 24ஆம் நாள். கர்ப்பம் இல்லையென்றால் ஏன் இன்னும் வரவில்லை? இருந்தால் டெஸ்ட் ஏன் காட்டவில்லை?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில்தான் விடை இருக்கிறது. இந்த மாதம் கருமுட்டை எப்போது வெளிவந்தது? 14ஆம் நாள் வாக்கில் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நாமெல்லாம் கணக்குப் போடுகிறோம். உங்களுக்கு இந்த முறை அப்படி நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒரு மாதவிடாய்ச் சுழற்சியை இரண்டு பாதியாகப் பாருங்கள். உதிரம் தொடங்கிய நாளிலிருந்து கருமுட்டை வெளிவரும்வரை முதல் பாதி. அங்கிருந்து அடுத்த உதிரம்வரை இரண்டாம் பாதி. முதல் பாதி இழுபடும், சுருங்கும். அதற்கு நிலையான கணக்கே கிடையாது. இரண்டாம் பாதி அப்படியில்லை. முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கட்டி உருவாகும். கார்பஸ் லூட்டியம் என்பது அதன் பெயர். பயப்பட வேண்டிய கட்டி இல்லை, மாதாமாதம் வந்து போவது. அது சுரக்கும் புரொஜெஸ்ட்டிரோன்தான் கருப்பையின் உள்சவ்வைக் கழன்று விழாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதன் ஆயுள் பெரும்பாலானோருக்கு 12 முதல் 14 நாள். கரு தங்கவில்லையென்றால் அது சுருங்கிவிடும், புரொஜெஸ்ட்டிரோன் இறங்கும், சவ்வு உதிரும். அதுதான் பீரியட்ஸ்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. ஒரு பெண்ணுக்கு 14ஆம் நாள் முட்டை வெளிவந்துவிட்டது என்றால், 28, 29ஆம் நாள்களில் அவருக்கு இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். உதிரம் வரவேண்டும், அல்லது கரு தங்கியிருக்கவேண்டும். கரு தங்கியிருந்தால் 34ஆம் நாள் என்பது முட்டை வெளிவந்து 20 நாள் ஆன கணக்கு. அந்த நேரத்தில் டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு நன்றாகவே தெரியும். உங்களுக்கு உதிரமும் இல்லை, இரண்டாவது கோடும் இல்லை. அப்படியானால் முட்டை 14ஆம் நாள் வெளிவரவில்லை. தாமதமாக வந்திருக்கிறது, அல்லது இன்னும் வரவே இல்லை.

ஏன் தாமதமாக வேண்டும்? சினைப்பைக்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி, ஒரு ஹார்மோனைக் குறிப்பிட்ட இடைவெளியில் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். அந்தத் துடிப்பின் தாளம் சரியாக இருந்தால்தான் சினைப்பையில் முட்டை முதிரும், வெடித்து வெளியே வரும். உடம்பு ஒரு நெருக்கடியில் இருக்கும்போது இந்தத் தாளம் தடுமாறும். கடுமையான காய்ச்சல், அறுவைசிகிச்சை, சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தல், தூக்கமில்லாத இரவு வேலை, நெருங்கியவரின் மரணம், எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்குக் காய்ச்சல் 9 முதல் 15ஆம் நாள்வரை. முட்டை முதிர்ந்து வெளிவரத் தயாராகும் அதே வாரம். அதைவிடப் பொருத்தமாகத் தடை போட வேறு வாரம் கிடையாது.

இதே காய்ச்சல் 20ஆம் நாளில் வந்திருந்தால் கதை வேறு. அதற்குள் முட்டை வெளிவந்திருக்கும், கார்பஸ் லூட்டியத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும், பீரியட்ஸ் ஏறக்குறைய சொன்ன தேதிக்கே வந்திருக்கும். 'தள்ளிப்போகிறதே என்று கவலைப்பட்டால் இன்னும் தள்ளிப்போகும்' என்று பலர் சொல்வதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். முட்டை வெளிவந்த பிறகு நீங்கள் எவ்வளவு கவலைப்பட்டாலும் அது பீரியட்ஸைப் பெரிதாக நகர்த்தாது. வெளிவராத நிலையில்தான் அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

சரி, உங்கள் நாள்களை வைத்தே கணக்குப் போடுவோம். காய்ச்சல் 15ஆம் நாள் விட்டது. உடம்பு தேறி, சினைப்பை திரும்ப வேலையைத் தொடங்கி, முட்டை 25ஆம் நாள் வெளிவந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் ஊகம்தான், ஆனால் நடக்கக்கூடிய ஊகம். கரு தங்காவிட்டால் பீரியட்ஸ் வரவேண்டிய தேதி 37 முதல் 39ஆம் நாள். அதாவது இந்தக் கணக்கின்படி உங்களுக்கு இன்னும் தாமதமே ஆகவில்லை! நாட்காட்டிக்குத்தான் ஒன்பது நாள் தாமதம்.

இப்போது டெஸ்ட்டின் பக்கம் வாருங்கள். கிட் தேடுவது எச்சிஜி என்ற ஹார்மோனை. கரு உருவான உடனேயே அது தாயின் உடம்பில் கலந்துவிடாது. கரு நகர்ந்து வந்து கருப்பைச் சவ்வில் ஒட்டிப் பதிய வேண்டும். முட்டை வெளிவந்ததிலிருந்து பெரும்பாலும் 8 முதல் 10 நாளில் இது நடக்கும், சிலருக்கு 12 நாள்கூட ஆகும். பதிந்த பிறகுதான் எச்சிஜி ரத்தத்தில் கலக்கத் தொடங்கும். தொடக்கத்தில் மிகச் சொற்பம். ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். வீட்டில் பயன்படுத்தும் கிட்களில் பல, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 25 மில்லி யூனிட் அளவுக்கு அது வந்தால்தான் கோடு காட்டும்.

நம் கணக்கில் முட்டை வந்தது 25ஆம் நாள். கரு பதிந்திருந்தால் அது 33 முதல் 35ஆம் நாளுக்குள் நடந்திருக்கும். நீங்கள் முதல் டெஸ்ட் செய்தது 31ஆம் நாள், அதாவது முட்டை வந்து ஆறே நாள். பதிந்தே இருக்காது. இரண்டாவது டெஸ்ட் 34ஆம் நாள், ஒன்பதாவது நாள். பதிந்திருந்தால்கூட அன்றோ முந்தின நாளோதான், கிட் பிடிக்கும் அளவுக்கு ஹார்மோன் சேர்ந்திருக்காது. ஆக, அந்த இரண்டு ஒற்றைக் கோடுகளும் கர்ப்பம் இல்லை என்று சொல்லவில்லை. அவற்றால் இன்னும் எதையும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். 'தேதி தாண்டிவிட்டது, அதனால் டெஸ்ட் நம்பகமானது' என்று பெட்டியில் எழுதியிருப்பது முட்டை வழக்கமான நாளில் வெளிவந்தவர்களுக்குப் பொருந்தும்.

இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். விந்தணு பெண்ணின் உடம்பில் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கக்கூடும், முட்டை ஒரு நாள்தான். நீங்கள் கடைசியாகச் சேர்ந்தது 24ஆம் நாள். முட்டை 25ஆம் நாள் வாக்கில் வந்திருந்தால் கருத்தரிக்க அதுதான் சரியான நேரம். எனவே உங்கள் விஷயத்தில் கர்ப்பத்தை இப்போதே ஒதுக்கிவிட முடியாது. காய்ச்சலுக்கு முன்பு மட்டும் சேர்ந்திருந்தீர்கள் என்றால், இதே 37ஆம் நாளில் நான் 'கவலை வேண்டாம், காத்திருங்கள்' என்று சொல்லியிருப்பேன்.

அப்படியானால் எப்போது டெஸ்ட் செய்வது? முட்டை எப்போது வந்தது என்று தெரியாதபோது, கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். உங்களுக்கு அது 45ஆம் நாள். அன்று சரியாகச் செய்த டெஸ்ட்டில் ஒரே கோடு என்றால், அந்த உறவால் கர்ப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இடையில் மீண்டும் பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு பொறுக்க முடியாதென்றால் 40ஆம் நாள் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு கோடு வந்தால் அதை நம்பலாம். ஒரு கோடு வந்தால் மட்டும் 45ஆம் நாள் திரும்பச் செய்ய வேண்டும்.

டெஸ்ட் செய்வதிலும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்வது. இந்தத் தொடக்க நாள்களில் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர்தான் நல்லது, இரவு முழுக்கத் தேங்கியதில் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும். இரண்டாவது, கிட்டைக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு மணிநேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது. அதற்குள் ஈரம் காய்ந்து, நிறமில்லாத ஒரு மங்கல் கோடு தெரியக்கூடும். அது கணக்கில் வராது. அட்டையில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள், பார்த்ததுதான் முடிவு. அந்த நேரத்துக்குள் நிறத்தோடு ஒரு மெல்லிய இரண்டாம் கோடு தெரிந்தால் அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடுதான், இரண்டு நாள் கழித்துத் திரும்பச் செய்தால் இன்னும் அழுத்தமாக வரும்.

45ஆம் நாளும் ஒரே கோடு, பீரியட்ஸும் வரவில்லை என்றால்? அப்போது இந்தச் சுழற்சியில் முட்டை வெளிவரவே இல்லை என்ற பக்கம் சாய வேண்டும். ஒரு மாதம் அப்படி ஆவது நோயல்ல, யாருக்கும் நடக்கும். ஆனால் அந்த மாதத்து உதிரம் வழக்கம்போல இருக்காது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முட்டை வராததால் கார்பஸ் லூட்டியம் இல்லை, சவ்வைக் கட்டுப்படுத்தும் புரொஜெஸ்ட்டிரோனும் இல்லை. ஈஸ்ட்ரோஜென் மட்டும் சவ்வைத் தடிமனாக வளர்த்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது தாங்காமல் அங்கங்கே பிய்ந்து விழும். அதனால் கூடுதலாக, கட்டிகட்டியாக, அதிக நாள் போகலாம். இதைப் பார்த்து 'கரு கலைந்துவிட்டதோ' என்று பலர் அழுதுகொண்டு வருகிறார்கள். சரியான நேரத்தில் செய்த டெஸ்ட்டில் ஒரே கோடு வந்திருந்தால், பெரும்பாலும் தடித்த சவ்வு உதிர்வதுதான் அது.

இது ஒரு மாதத்தோடு நிற்காமல் அடிக்கடி நடந்தால் காரணம் தேட வேண்டும். நான் முதலில் கேட்பது மாத்திரைகளைப் பற்றி. அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கு அந்த மாதம் பீரியட்ஸ் ஒரு வாரம்வரை முன்னேயோ பின்னேயோ போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியால் பல மாதம் உதிரமே இல்லாமல் இருப்பதுண்டு, ஊசியை நிறுத்தியும் திரும்பி வர நாளாகும். யாரும் எதிர்பார்க்காதது வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளும் மனநோய்க்கான சில மருந்துகளும். இவை புரோலாக்டின் என்ற பால்சுரப்பு ஹார்மோனை ஏற்றிவிடும். புரோலாக்டின் ஏறினால், பால் கொடுக்கும் தாய்க்கு எப்படி மாதவிடாய் நின்றிருக்கிறதோ அதே போல முட்டை வருவது தடைப்படும். குழந்தை இல்லாத பெண்ணுக்கு மார்பில் பால் போலக் கசிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்போம். மாத்திரை எதுவும் இல்லாமல் புரோலாக்டின் ஏறியிருந்தால் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும், அதற்கும் பெரும்பாலும் மாத்திரையே போதும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் புரோலாக்டின் ஏறலாம். அதனால் இரண்டையும் ஒன்றாகவே சோதிப்பது வழக்கம்.

வழக்கமாகவே 40, 50, 60 நாளுக்கு ஒருமுறை வருகிறது, முகத்தில் முடியும் பருவும் இருக்கிறது என்றால் பிசிஓஎஸ் பக்கம் போக வேண்டும். 'நீர்க்கட்டி' என்ற பெயரே இதற்குப் பொருத்தமில்லை என்பது என் கருத்து. ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல, முதிராமல் பாதியில் நின்ற முட்டைப் பைகள். முட்டை வெளிவராமை, ஆண் ஹார்மோன் கூடுதல், ஸ்கேனில் இந்தத் தோற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான், அதுவும் தைராய்டு, புரோலாக்டின் போன்றவற்றை விலக்கிய பிறகுதான், பிசிஓஎஸ் என்று சொல்வோம். ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளாதீர்கள். 28 நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த உங்களுக்கு ஒரு மாதத் தாமதத்தால் இது வந்திருக்க வாய்ப்பில்லை.

எடை திடீரென்று இறங்கியவர்கள், சாப்பாட்டுக்கு மிஞ்சி உடற்பயிற்சி செய்பவர்கள் ஆகியோருக்கு ஹைபோதலாமஸ் துடிப்பையே அடக்கிவிடும். இது மாதக்கணக்கில் நீடித்தால் ஈஸ்ட்ரோஜென் குறைந்து எலும்பு தேயும் என்பதால் சாதாரணமாக விடக்கூடாது. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களிலும் நாற்பதுகளின் நடுவிலிருந்தும் நாள் முன்பின்னாவது இயல்பு.

பார்மசியில் 'பீரியட்ஸ் வர' என்று கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அது புரொஜெஸ்ட்டிரோன் வகை. ஐந்து முதல் பத்து நாள் போட்டு நிறுத்தினால், ஏற்கெனவே வளர்ந்திருக்கும் சவ்வு ஒரு வாரத்துக்குள் உதிரும். நல்ல மருந்துதான், நானும் எழுதித் தருவேன். ஆனால் உங்களைப் போலக் கர்ப்பம் இன்னும் விலக்கப்படாத நிலையில் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 45ஆம் நாள் டெஸ்ட்டுக்குப் பிறகு மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

வழக்கமாக ஒழுங்காக வருபவருக்கு மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மார்பில் பால் கசிந்தாலோ, தொடர் தலைவலியும் பார்வைக் கோளாறும் இருந்தாலோ அவ்வளவு காத்திருக்க வேண்டாம். ரத்தத்தில் பீட்டா எச்சிஜி, தைராய்டைக் காட்டும் டிஎஸ்ஹெச், புரோலாக்டின், சினைப்பையின் நிலையைக் காட்டும் எஃப்எஸ்ஹெச், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன், பெரும்பாலும் இவ்வளவுதான் பரிசோதனை. வீட்டு டெஸ்ட் குழப்பினால் 45ஆம் நாள்வரை பொறுக்காமல் பீட்டா எச்சிஜி மட்டும் எடுக்கலாம். கிட் காட்டுவதற்குச் சில நாள் முன்பே அது சொல்லிவிடும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் கணக்கு, நாள் எதையும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் வருவது போன்ற உணர்வு. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் எச்சிஜி மெதுவாக ஏறும், வீட்டு கிட்டில் சில நேரம் ஒரே கோடு காட்டக்கூடும். அங்கே ஒற்றைக் கோட்டை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது.

பெரும்பாலும் உங்களுக்கு வரும் நாள்களில் உதிரம் வந்துவிடும் என்றே நினைக்கிறேன். வந்தாலும் அதன் அளவைக் கவனியுங்கள். வழக்கம்போல நன்றாகப் போனால் அன்றைய தேதியை முதல் நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள், விஷயம் முடிந்தது. பழுப்பு நிறத்தில் ஓரிரு நாள் கறை மட்டும் பட்டு நின்றுவிட்டால் அதைப் பீரியட்ஸ் என்று எண்ணிவிடாதீர்கள். கரு பதியும் நேரத்திலும் அப்படிக் கொஞ்சம் படுவதுண்டு, அதனால் 45ஆம் நாள் டெஸ்ட்டை அப்போதும் செய்துவிடுங்கள்.